ஓகே அழுத்தும் முன்

திருப்பாதிரிப்புலியூரை ஊர்க்காரர்கள் திருப்பாப்புலியூர் என்றுதான் சொல்வார்கள். லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படி ஏறியதும் ஒரு சின்ன அறை. நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் விரித்த பச்சைத் துணி. துணியின் மேல் திறந்து கிடந்த ஒரு கேமராவின் அடிப்பாகத்தை அண்ணன் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் எடுத்தவர். இப்போது முட்டி வலியால் வெளி வேலையைக் குறைத்துக்கொண்டு, பழைய கேமராக்களைச் சரிபார்த்துத் தருகிறார். வாங்கி வந்தவர்களுக்குப் பழக்கியும் விடுகிறார். அந்தப் பழக்குதலைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

எதிரே சிதம்பரத்திலிருந்து வந்த இளைஞர். விசேஷங்களுக்குப் படம் எடுக்கும் தொழிலில் இப்போதுதான் நுழைந்திருக்கிறார். கையில் கேனான் ஈஓஎஸ் கிஸ் எக்ஸ்5. 2011இல் வந்த இந்தக் கேமராவை நம் ஊரில் 600டி என்று விற்றார்கள். ஜப்பானில் அதற்குக் கிஸ் என்று பெயர். அங்கே விற்றது பல கை மாறி இங்கே வருகிறது. பெட்டியில்லை, கையேடு இல்லை, மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து.

தம்பியின் முகம் வாடியிருந்தது. இரண்டு நாள் முன்பு ஒரு காதுகுத்தில் 386 படம் எடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். கேமராவை விற்றவர் வாயால் சொல்லிக் கொடுத்த வழி ஒன்று இருந்தது: இத்தனையாவது டேப், இத்தனையாவது வரி. அப்படியே எண்ணிப் போய் ஓகே அழுத்தியிருக்கிறார். மெனு ஜப்பானிய மொழியிலேயே இருந்தது. கார்டு காலியாகிவிட்டது. கேமரா ஓடுகிறதா என்று பார்க்க அப்புறம் ஒன்பது படம் வேறு எடுத்திருக்கிறார்.

"அப்ப டயல் எதுல இருந்துச்சு தம்பி?" என்று கேட்டார் அண்ணன்.

"பச்சைல இருந்துச்சுண்ணே."

"அங்கதான் எண்ணிக்கை மாறிப் போச்சு."

கேமராவின் தலையில் இருக்கும் மோட் டயலைப் படம் எடுக்கும் முறையை மாற்றுவதற்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். மெனுவின் அளவையும் அதுதான் தீர்மானிக்கிறது. பச்சை நிற A+ குறியிலோ, மனிதத் தலை, மலை, பூ, ஓடும் ஆள் போன்ற படக் குறிகளிலோ டயல் நின்றால், கேமரா பல டேப்களை மறைத்துவிடும். P, Tv, Av, M என்ற எழுத்துகளுக்குத் திருப்பினால்தான் மெனு முழுதாக விரியும். விற்றவர் P-யில் வைத்து எண்ணியிருப்பார், தம்பி பச்சையில் வைத்து எண்ணியிருக்கிறார். அதனால்தான் எண்ணிக்கையை நம்பாதே என்கிறார் அண்ணன். நம்ப வேண்டியவை நிறமும் படமும். கேனானில் படம் எடுக்கும் அமைப்புகளின் டேப் சிவப்பு, எடுத்த படத்தைப் பார்ப்பது நீலம், கேமராவின் பொது அமைப்புகள் மஞ்சள். மஞ்சளில் ஸ்பேனர் படமும் இருக்கும். மொழி, தேதி, ஃபார்மேட் மூன்றும் அந்த ஸ்பேனருக்குள்தான். மொழி வரியில் 言語 என்ற இரண்டு எழுத்தும், பக்கத்தில் பேச்சுக் குமிழி போன்ற ஒரு சின்னப் படமும் இருக்கும். உள்ளே போனால் English என்று ஆங்கில எழுத்திலேயே இருக்கும்.

எல்லாக் கேமராவிலும் இது நடக்காது. சோனி ஜப்பானுக்குள் விற்பதற்கென்று செய்யும் மாடல்கள் பலவற்றில் ஜப்பானிய மொழி மட்டும்தான் உண்டு. கடைசி வரை அந்த எழுத்தோடுதான் வாழ வேண்டும். வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

கார்டைத் துடைக்கும் வரி கேனானில் カード初期化 என்று இருக்கும். முதல் மூன்று எழுத்தும் 'கார்டு' என்ற ஒலிதான். பின்னால் வரும் 初期化 என்றால் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்றார் அண்ணன். ஒரு வெற்றுக் கார்டைப் போட்டு அந்த வரிக்குள் போய்க் காட்டினார். திரையில் ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவே ஒரு பட்டை. அதன் பக்கத்தில் GB என்று முடியும் எண்கள்: கார்டில் எவ்வளவு நிறைந்திருக்கிறது, மொத்தக் கொள்ளளவு எவ்வளவு. கீழே ஓகே.

"மொழி மாத்துற இடத்துல ஜிபிக்கு என்னா வேலை? ஜிபி நம்பரும் ஓகேயும் ஒரே திரையில வந்தா அது துடைக்கிற எடம். கைய எடுத்துடு."

தம்பி மெதுவாகத் தலையாட்டினார். அன்றைக்கு 2.4 என்று ஏதோ பார்த்ததாக ஞாபகம் வந்தது அவருக்கு.

போன படங்களை மீட்க முடியுமா என்பதற்கும் அந்தத் திரையே பதில் சொல்கிறது. சாதாரணமாக ஃபார்மேட் செய்தால் கேமரா படங்களை ஒவ்வொன்றாக அழிப்பதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் புதிதாக எழுதிவிடுகிறது. படத்தின் உடல் கார்டிலேயே கிடக்கும், மேலே வேறு படம் எழுதப்படும் வரை. அதே திரையில் குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் விழும். அது முழுத் துடைப்பு. கார்டு மந்தமாகும்போது பயன்படும், ஆனால் அதைச் செய்த பிறகு மீட்பது பற்றி நினைக்க வேண்டாம். தம்பி அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. பாதுகாப்புக் குறி போட்ட படம் தப்பிக்குமா என்று அவர் கேட்டார். மொத்தமாக டெலிட் செய்தால் தப்பிக்கும். ஃபார்மேட்டில் அதுவும் போய்விடும்.

கார்டின் பக்கவாட்டில் உள்ள சின்ன சுவிட்சை லாக் பக்கம் தள்ளிவிட்டு, மடிக்கணினியில் போட்டார் அண்ணன். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டார். மீட்கும் படங்களை அதே கார்டில் எழுதவிடக் கூடாது, வேறு டிரைவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். டீ வாங்கி வந்து குடித்து முடிப்பதற்குள் படங்கள் வரத் தொடங்கின. ஒன்பது படம் கிடைக்கவில்லை. சோதனைக்காக எடுத்த ஒன்பதும் அவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டன. கார்டின் தொடக்கத்தில் இருந்தவை அவை: சீர்த்தட்டு வரிசையும், வாசல் கோலமும். பத்தாவது படத்தில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல். மீதி 376 படமும் முழுதாக வந்தன. குழந்தை அழும் படம், தாய்மாமன் மடி, எல்லாம் இருந்தன.

கோப்புகளின் பழைய பெயர்கள் போய்விட்டதால் வரிசை கலைந்திருந்தது. எடுத்த நேரம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்திருக்கும். அதை வைத்து அடுக்கினார்கள். அப்போது இன்னொன்று தெரிந்தது. காலை ஒன்பதே காலுக்குக் குத்திய காது, படத்தில் பகல் 12.45 என்று இருந்தது. கடிகாரம் இன்னும் ஜப்பானிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாடு நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தி. எல்லாப் படமும் ஒரே அளவு தள்ளியிருந்ததால் வரிசைக்குக் கேடில்லை. ஆனால் ஒரே விசேஷத்தில் இரண்டு கேமரா ஓடினால் இரண்டின் படங்களையும் சேர்த்து அடுக்க முடியாது.

மதியம் சாயும் நேரம் மொட்டை மாடிக்குப் போனோம். வாங்கிய கேமராவை எவர் கொண்டுவந்தாலும் அண்ணன் செய்ய வைக்கும் சோதனை அங்கே. கொடியில் ஒரு வெள்ளை வேட்டி, பக்கத்திலேயே விரித்து மாட்டிய கறுப்புக் குடை. இரண்டும் ஒரே நிழலில். டயல் Av-யில், அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 100. வேட்டி மட்டும் திரை நிறையும்படி தம்பி ஒரு படம் எடுத்தார். கேமரா ஷட்டரை 1/500 என்று எடுத்துக்கொண்டது. குடைக்கு 1/50 எடுத்துக்கொண்டது. படங்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தால் வேட்டி அழுக்குச் சாம்பல், குடையும் வெளுத்த சாம்பல். ஏறக்குறைய ஒரே நிறம்.

கேமராவின் மீட்டருக்குத் தான் பார்ப்பது வேட்டியா குடையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுச் சாம்பலாக்கிவிடப் பார்க்கும். பின்பக்கம் Av+/- என்ற பொத்தானைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால், திரையில் இருக்கும் அளவுகோலில் ஒரு கோடு நகரும். நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் கூட்டல், இடப்பக்கம் கழித்தல். இதற்கு எந்த மொழியும் வேண்டாம். வேட்டிக்கு ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் கூட்டினார், ஷட்டர் 1/200 ஆனது. நூலிழை தெரியும் வெள்ளை வந்தது. குடைக்கு இரண்டு கழித்தார், அதுவும் 1/200. குடை கறுத்தது.

இரண்டு திருத்தமும் ஒரே எண்ணில் வந்து நின்றதைத் தம்பி கவனித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாண்ணே?" என்றார்.

"வெளிச்சம் ஒண்ணுதானே."

அதன்பிறகு M-க்குத் திருப்பி எஃப் 5.6, 1/200, ஐ.எஸ்.ஓ. 100 என்று நிறுத்திவிட்டு, வேட்டியையும் குடையையும் இடையில் என் முகத்தையும் எடுத்தார். மூன்றும் சரியாக வந்தன. பட்டு வேட்டி மாப்பிள்ளையும் கருங்கல் தூணும் மாறி மாறி வரும் கோயில் கல்யாணத்தில் இதுதான் வேலை செய்யும் முறை. நிழலிலிருந்து வெயிலுக்குப் போனால் எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். டயலைப் பச்சைக்குத் திருப்பி அதே Av+/- பொத்தானை அழுத்திப் பார்த்தார் தம்பி. கோடு அசையவில்லை. பச்சையும் படக் குறிகளும் அந்த உரிமையைத் தருவதில்லை. ஓடும் ஆள் குறி ஷட்டரை வேகமாக்கும், மலை அப்பர்ச்சரைச் சுருக்கும், மனிதத் தலை அதைத் திறக்கும். வேட்டியைச் சாம்பலாக்காதே என்று அந்தப் பொத்தானால் அவற்றிடம் சொல்ல வழியில்லை. கூட்டியதையும் கழித்ததையும் வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்புவதை அண்ணன் விடாமல் செய்ய வைத்தார்.

கிளம்பும் முன் மொழியை ஆங்கிலமாக்கி, கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். மீட்ட படங்கள் இரண்டு இடத்தில் ஏறிய பிறகே கார்டை ஃபார்மேட் செய்ய அண்ணன் சம்மதித்தார். அதையும் கணினியில் வேண்டாம், கேமராவிலேயே செய் என்றார். தனக்கு வேண்டிய கோப்பு அமைப்பையும் ஃபோல்டரையும் கேமரா தானே போட்டுக்கொள்ளும். இந்த முறை ஜிபி எண்ணைப் பார்த்துவிட்டு ஓகே அழுத்தியது தம்பியின் விரல்.

பழைய கேமரா விற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். English என்ற வரி அந்தக் கேமராவில் இருந்தால், வாங்குகிறவர் கண்ணெதிரே நீங்களே அதை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். அரை நிமிஷ வேலை அது.