ஆணையரின் பென்சில்

மூன்றாவது முறையும் ஃபைல் திரும்பி வந்தது. குறிப்புத் தாளின் ஓரத்தில் பென்சிலில் ஒரே சொல்: "பேசவும்."

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். முடியாது என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும், சரி என்று எழுதினால் பொறுப்பேற்க வேண்டும். இரண்டுமே வேண்டாத நாளில் மேலதிகாரி எழுதுவது இது. போய்ப் பேசினால், "பாக்கலாம், வெச்சிட்டுப் போங்க" என்பார். ஃபைல் மறுபடி அலமாரிக்குப் போய்விடும்.

நான் அப்போது புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன் பஞ்சாயத்து ஒன்றில் இளநிலைப் பொறியாளர். வில்லியனூர்ப் பக்கமா பாகூர்ப் பக்கமா என்று சொல்லப் போவதில்லை. அந்த ஆணையர் நல்ல மனிதர், அவரை அடையாளம் காட்டுவது என் நோக்கமல்ல. வேலையும் பெரிய வேலை இல்லை. ஒரு தெரு முனையில் சாலைக்கு அடியில் 450 மி.மீ. குழாய் ஒன்று கிடந்தது. தெருவின் சாக்கடையும் மழைநீரும் அந்த ஒரு குழாய் வழியாகத்தான் அடுத்த பக்கத்து வாய்க்காலுக்குப் போக வேண்டும். ஐப்பசி பிறந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், பன்னிரண்டு வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். குழாயை எடுத்துவிட்டு ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு பாக்ஸ் கல்வர்ட் போட்டால் தண்ணீர் போகும் வழி ஒன்பது மடங்குக்கு மேல் பெரிதாகும். இது என் கணக்கு. கணக்கில் தப்பில்லை.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதியிருந்தேன். தரைமட்டம், சரிவு, நீரோட்ட வேகம் என்று கல்லூரியில் படித்தது முழுவதும் அதில் இருந்தது. எஞ்சினியர் அல்லாத ஒரு மனிதர், மாலை ஆறு மணிக்கு, நாற்பது ஃபைலுக்கு நடுவில் அதைப் படிப்பார் என்று எப்படித்தான் நினைத்தேனோ!

எங்கள் கண்காணிப்பாளர் அம்மா ஓய்வுக்கு ஓராண்டு இருந்தவர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "தம்பி, உன் ஃபைலையே திருப்பித் திருப்பிப் படிக்கிறியே, அவர் மத்தவங்களுக்குத் திருப்பி அனுப்பின ஃபைலைப் படிச்சியா?" என்றார்.

இரண்டு மாலை பதிவறையில் உட்கார்ந்தேன். அவர் வந்த பிறகு கையெழுத்தானவை, ஆகாதவை எனச் சுமார் இருபது ஃபைல்கள். கையெழுத்தை விட்டுவிட்டுப் பென்சில் கோடுகளை மட்டும் பார்த்தேன். எங்கும் மூன்று கேள்விகள்தான் இருந்தன. நிலம் யாருடையது? எந்தக் கணக்குத் தலைப்பில் பணம்? இதே இடத்தில் இதற்கு முன் வேலை நடந்திருக்கிறதா? ஆழம், அகலம், கம்பியின் தடிமன் பற்றி ஒரு கோடுகூட இல்லை.

காரணத்தையும் அந்த அம்மாவே சொன்னார். முன்பு இருந்த இடத்தில் இவர் கையெழுத்துப் போட்ட ஒரு வேலை வேறொரு துறையின் நிலத்தில் நடந்துவிட்டது. ஆடிட்டில் ஆட்சேபம் எழுதிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார், ஓய்வு நெருங்குகிறது, பென்ஷன் நிற்குமோ என்ற பயம். ஆக, நான் வெள்ளத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன், அவர் ஆடிட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பயத்துக்கு எங்கள் ஊர் நிர்வாகத்தில் இன்னொரு வேரும் உண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் கொம்யூன்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. மன்றம் இருந்தால் தீர்மானம் என்று ஒன்று இருக்கும், ஆணையர் அதன் நிழலில் நின்று கையெழுத்துப் போடலாம். மன்றம் இல்லாதபோது வெயில் நேராக அவர் தலையில். வீட்டு வாசலில் தண்ணீர் நின்றால் மக்கள் அவர் அறைக்குத்தான் வருவார்கள். பணம் தவறாகப் போனாலும் கேள்வி அவருக்குத்தான். இதை யோசித்துப் பார்த்த பிறகு "பேசவும்" என்ற சொல்லின் மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது.

குறிப்பைப் புதிதாக எழுதினேன், ஒரே பக்கம். முதல் வரியிலேயே அவர் எதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்பது. அடுத்து நிலம். சாலையும் கல்வர்ட்டும் கொம்யூனுக்குச் சொந்தம். ஆனால் தண்ணீர் விழும் கடைசி ஆறு மீட்டர் பொதுப்பணித்துறையின் பாசன வாய்க்கால். இதை முதல் மூன்று குறிப்பிலும் நான் எழுதவே இல்லை. வயலும் தெருவும் ஒட்டிக்கிடக்கும் எங்கள் பக்கத்தில் வாய்க்கால் எங்கே முடிகிறது, சாக்கடை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, புலப்படத்தில்தான் தெரியும். பாசனப் பிரிவு அலுவலகத்துக்கு மூன்று வாரம் நடந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கினேன். புலப்பட நகலில் சிவப்பு மையால் எல்லையைக் காட்டி, கடிதத்தோடு இணைத்தேன்.

பணத்துக்குக் கொம்யூனின் சொந்த நிதியைக் காட்டினேன். வீட்டு வரியும் உரிமக் கட்டணமும் சேர்ந்த அந்த நிதி, அரசு மானியத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இருப்பு எவ்வளவு என்று கணக்குப் பிரிவில் கேட்டு, எழுத்தரின் சுருக்கொப்பத்தையும் வாங்கினேன். பணிப் பதிவேட்டில் ஐந்தாண்டு புரட்டி, அந்த இடத்தில் வேறு வேலை நடக்கவில்லை என்று ஒரு வரி.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டெண்டர் தொந்தரவு வேண்டாமென்று கல்வர்ட்டுக்கு ஒன்று, இருபக்கச் சுவருக்கு ஒன்று என இரண்டு எஸ்டிமேட்டாகப் பிரித்திருந்தேன். வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆடிட்டில் அடிபட்டவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? என் ஃபைல் திரும்பி வந்ததற்கு அது ஒன்றே போதும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினேன்.

கடைசிப் பத்தியில் தேதி. அக்டோபர் நடுவில் மழை என்று வைத்துப் பின்னாலிருந்து எண்ணினேன். மேல்தளம் வண்டி தாங்க 28 நாள். அடித்தளம், சுவர், மேல்தளம் போட நான்கு வாரம். டெண்டருக்கும் வேலை உத்தரவுக்கும் ஒரு மாதம். ஆகவே ஜூலை 15-க்குள் ஒப்புதல் இல்லையென்றால் வேலை இந்த மழைக்குமுன் முடியாது, மழையில் பாதியில் நிற்கும். பாதியில் நிற்கும் வேலைதான் ஆணையருக்கு இரட்டைத் தலைவலி. நீரோட்டக் கணக்கு முழுவதும் இணைப்பாகப் பின்னால் போயிற்று.

நான்காம் நாள் கையெழுத்தாகி வந்தது. பென்சில் கோடே இல்லை.

மேலதிகாரி வாயால் சொல்லும் முன்னுரிமை வேறு, இரண்டாம் முறை கேட்கும் கேள்வி வேறு. கூட்டத்தில் எல்லோரும் "மக்கள் குறை தீர்ப்பு" என்பார்கள். ஃபைலின் ஓரத்தில் அந்த மனிதர் கேட்டது "நிலம் யாருடையது?" என்றுதான்.

எல்லாவற்றையும் சரியாகப் படித்துவிட்டேன் என்று நினைத்த கர்வம் அந்த ஆண்டே உடைந்தது. ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் இடையே அதிகாரம் யாருடையது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போன காலம் அது. கீழே இருந்த அதிகாரிகளுக்கு இரண்டு திசையிலிருந்தும் உத்தரவு வந்தது. அந்தச் சூழலில் மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த ஒருவரிடம், ஆணையர் பக்கத்தில் நிற்கும்போதே, தூர்ந்துகிடந்த இன்னொரு வாய்க்காலைப் பற்றி நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். நல்ல பெயர் வாங்கலாம் என்ற ஆசைதான். வாய்க்கால் தூரெடுக்கப்பட்டது. ஆணையர் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "என் எல்லைக்குள்ள நடக்கிறத மேல இருந்து எனக்குச் சொல்ல வெச்சிட்டீங்களே" என்றார் பிறகு. அதிலிருந்து கெட்ட செய்தியானால் ராத்திரியானாலும் முதல் போன் அவருக்குத்தான். எந்தத் தெருவில், எத்தனை வீடு, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று மூன்றே விஷயம் சொல்வேன்.

உள்ளாட்சித் துறையின் ஆய்வுக் கூட்டத்துக்கு அவர் புறப்படும் நாளில் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கும் பழக்கமும் அப்போது வந்தது. நடக்கும் வேலை மூன்று, எந்தக் கட்டம், எங்கே முட்டுகிறது. அதை அவர் தன் வேலையாகவே கூட்டத்தில் வாசித்தார் என்று பியூன் வந்து சொன்னபோது வயிறு எரிந்தது. ஆனால் முட்டுகிற இடம் என்று எழுதியிருந்த ஒன்று, இயக்குநர் ஒரு போன் போட்டதில் அன்றே நகர்ந்தது. என் பெயரைச் சொல்லியிருந்தால் அது நகர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

அவருடைய அவசரத்தைப் புரிந்துகொண்டேன் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் இல்லை. புதுச்சேரியில் பல ஆண்டுகள் மார்ச்சில் இடைக்கால ஒதுக்கீடு மட்டும் வாங்கிவிட்டு, முழு பட்ஜெட்டைப் பிறகு போடுவது வழக்கமாக இருந்தது. 12 ஆண்டுகளுக்குப் பின் 2023-இல்தான் மார்ச்சிலேயே முழு பட்ஜெட் வந்தது. பணம் தாமதமாக வரும், வந்ததும் மழை வரும், செலவு எல்லாம் கடைசி மூன்று மாதத்தில் குவியும். அப்படி ஒரு மார்ச்சில், முடியாத சாலையை முடிந்ததாக எம் புக்கில் அளவு எழுதச் சொன்னார். எம் புக்கில் எழுதும் கை என்னுடையது. மறுக்கிறேன் என்று சொல்லாமல், ஏற்கெனவே முடிந்து பில் போடாமல் கிடந்த இரண்டு வேலைகளின் அளவைக் கொண்டுபோய் வைத்தேன். தொகை கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்தது. அவருக்கு வேண்டியது மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு, அந்தச் சாலை அல்ல. அன்று இரண்டு வேலைகள் கையில் கிடந்தது என் அதிர்ஷ்டம். கிடக்காவிட்டால் எழுத முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், ஃபைலிலும் எழுதியிருக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதோடு சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வந்தது. அந்த மழைக்கு எந்தக் கல்வர்ட்டும் போதாது. கல்வர்ட் போட்ட அந்தத் தெருவும் மூழ்கியது. மறுநாள் மாலையே வடிந்துவிட்டது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதற்குள் அந்த ஆணையர் ஓய்வு பெற்றிருந்தார். அடுத்தவர் பொறுப்பேற்ற திங்கட்கிழமை, அவர் முன்பு இருந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பனுக்குப் போன் செய்து ஒன்று மட்டும் கேட்டேன்: "அவர் ஃபைல்ல பென்சில்ல என்ன எழுதுவார்?"

"பென்சில் கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப்தான்" என்றான்.