விளையாட்டு என்ன வேலை செய்கிறது?

'கறை நல்லது' என்பது மொழிபெயர்ப்பு என்று தமிழ்நாட்டில் யாருக்கும் தோன்றாது. யூனிலீவர் பல நாடுகளில் தன் சலவைத்தூள்களுக்குப் பயன்படுத்தும் ஆங்கில வரி 'டர்ட் இஸ் குட்'. அது இந்தியில் 'தாக் அச்சே ஹைன்' ஆனது. தமிழில் சர்ஃப் எக்செல்லின் 'கறை நல்லது' ஆனது. விளம்பர மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பிரித்துக் காட்டுவது இந்த வரியைத்தான்.

ஆங்கில 'டர்ட்'டில் மண்ணும் உண்டு, அழுக்கும் உண்டு. பிள்ளைகள் மண்ணில் புரளட்டும் என்பது அதன் பொருள். தமிழில் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் இல்லை. 'மண் நல்லது' என்றால் விவசாயம் நினைவுக்கு வரும். 'அழுக்கு நல்லது' என்றால் குளிக்காத பிள்ளைதான் கண்ணில் தெரியும். கறை துணியில் படிவது, போக்கக்கூடியது. கூடவே 'கறை படிந்த கை' என்று சொல்லும்போது வருகிற பழியும் அதில் இருக்கிறது. பழியைக் குறிக்கிற சொல்லை நல்லது என்றதும் கேட்கிறவர் ஒரு கணம் நிற்கிறார். சேற்றில் விழுந்த தங்கைக்காக அண்ணன் அந்தச் சேற்றையே அடித்துத் துவைக்கும் விளம்பரப் படம் அந்த ஒரு கணத்துக்கு விடை சொல்லிவிடுகிறது. 'நல்லது' வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற சொல் என்பதும் முக்கியம். வேப்பிலை நல்லது, எண்ணெய்க் குளியல் நல்லது என்கிற அதே வாய்தான் கறையையும் நல்லது என்கிறது.

இது தழுவலாகவே நின்றதற்குக் காரணம், மூல வரியின் விளையாட்டு ஒலியில் இல்லை, முரணில் இருக்கிறது. முரண் எந்த மொழிக்கும் போகும். நான் ஒரு வரியைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இந்த விளையாட்டு என்ன வேலை செய்கிறது? எப்படிச் செய்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெர்மன் மிட்டாய் நிறுவனமான ஹரிபோவின் பழைய வரியில், குழந்தைகளை மகிழ்விக்கிறது என்பதில் வரும் 'ஃப்ரோ' என்ற சொல்லும் நிறுவனத்தின் பெயரும் ஒரே 'ஓ'வில் முடியும். அங்கே விளையாட்டின் வேலை பெயரை நாக்கில் ஒட்டவைப்பது. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் சொற்களை விட்டுவிட்டு, 'லவ் இட் ஸோ' என்று எழுதி 'ஹரிபோ'வோடு இயைபு சேர்த்தார்கள். வேலை நிறைவேறிவிட்டது.

1998இல் வந்த பெப்சியின் 'யே தில் மாங்கே மோர்' வேறு மாதிரி. இந்தி வாக்கியத்தின் வாலில் ஓர் ஆங்கிலச் சொல்லை ஒட்டியதுதான் அதன் விளையாட்டு. இளைஞர்கள் பேசுவதுபோல ஒலிக்க வேண்டும், அதுதான் அதன் வேலை. 'மனசு இன்னும் கேட்குது' என்று முழுத் தமிழில் எழுதினால் பொருள் சரியாக இருக்கும், ஆனால் இளமை போய்விடும். தமிழில் 'உள்ளம் கேட்குமே மோர்' என்று அந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே நிறுத்தினார்கள். 'கேட்குமே'யின் ஏகாரம் இந்தி வரியில் இல்லாத ஒரு பிடிவாதத்தைக் கொடுக்கிறது. ஆனால் தமிழ்க் காதில் மோர் என்றால் தயிர் கடைந்த மோர். திரையில் கோலா பாட்டில் தெரியும்வரை இடைஞ்சல் இல்லை. படம் இல்லாத வானொலிக்கு இப்படி ஒரு வரி வந்தால், அந்த ஒரு சொல்லுக்காகவே நான் வேறு வரி கேட்பேன்.

தழுவவே முடியாத ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். ஒரு மெத்தை நிறுவனத்தின் ஆங்கில வரி என்னிடம் வந்தது: 'ரெஸ்ட் அஷ்யூர்ட்'. 'கவலை வேண்டாம்' என்று உறுதி சொல்லும் மரபுத்தொடர் அது. அதற்குள் 'ரெஸ்ட்', அதாவது ஓய்வும் இருக்கிறது. உறுதி என்று அவர்கள் சொன்னது பத்து வருட வாரண்டியை. ஆக, இரண்டு சொல்லில் மூன்று சரக்கு.

முதலில் தழுவிப் பார்த்தேன். 'நிம்மதி நிச்சயம்' மோனையோடு வந்தது. ஆனால் காப்பீடு, வீட்டுக்கடன், வலி மாத்திரை என்று எதற்கு வைத்தாலும் பொருந்தும். தழுவிய வரியை இன்னொரு பொருளின் படத்துக்குக் கீழே வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அங்கேயும் அது சௌகரியமாக உட்கார்ந்துவிட்டால் அதற்கு உயிர் இல்லை. 'நிம்மதியாத் தூங்குங்க' இன்னும் மோசம், ஏற்கெனவே கொசுவத்தியின் குரல்.

அதனால் மூன்று சரக்கையும் ஒரே வரியில் ஏற்றும் ஆசையை விட்டேன். வாரண்டிக்குத் தனி வரி போதும். எண் இருக்கிறது, அது தானே பேசும். தலைப்பு வரிக்குத் தூக்கம் மட்டும். நன்றாகத் தூங்கி எழுந்தவர் நம் வீட்டில் என்ன சொல்வார்? 'படுத்ததுதான் தெரியும்' என்பார். அதை எழுதினேன். சிலேடை ஒன்றும் இல்லை. ஆனால் பாதியில் நிற்கிற வாக்கியம் என்பதால் மீதியைக் கேட்கிறவரே முடிப்பார். ஆங்கிலத்தில் சிலேடை செய்த வேலையை, அதாவது வாசிப்பவரை ஒரு கணம் உள்ளே இழுப்பதை, இது வேறு வழியில் செய்கிறது.

பிறகு அந்த வரியை அலுவலகத்துக்கு வெளியே சிலரிடம் சொல்லி, மீதியைச் சொல்லச் சொன்னேன். பெரும்பாலும் 'விடிஞ்சிடுச்சு' என்று வந்தது. ஒரு பெரியம்மா மட்டும் மெதுவாக, 'எழுந்திருக்கவே இல்ல' என்றார். தூக்கத்தில் உயிர் பிரிந்தவர்களைப் பற்றியும் நம் ஊரில் இப்படித்தான் சொல்வோம். பத்தில் ஒருவருக்கு அப்படித் தோன்றினாலும் மெத்தைக்கு அது ஆகாது. இந்தச் சோதனையை அகராதி செய்து தராது. வரியை வாய்விட்டுச் சொல்லி, பல வயதுக்காரர்களின் வாயிலிருந்து பதிலை வாங்க வேண்டும். வாக்கியத்தை நானே முடித்தேன்: 'படுத்ததுதான் தெரியும், விடிஞ்சிடுச்சு!' வாசகர் முடிக்கும் சுகம் போனது. ஆனால் பேச்சின் உயிர் இருந்தது, எழுந்தவரின் குரலும் கேட்டது. இடித்த இன்னொன்று, ஓடாத படத்தை 'படுத்துடுச்சு' என்பார்களே, அது. வாக்கியம் முழுதாக இருந்ததால் அந்த எண்ணத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

தமிழ் தெரியாத மேலாளருக்கு இதைப் புரியவைப்பது தனி வேலை. பேக் டிரான்ஸ்லேஷனில், அதாவது தமிழை மறுபடி ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டும்போது, 'படுத்தது மட்டும் நினைவிருக்கிறது, விடிந்துவிட்டது' என்று வரும். அதைப் படித்தவர் மயக்க மருந்தா என்று கேட்டார், நியாயமான கேள்விதான். அதனால் நேர்ப்பொருளை மட்டும் அனுப்புவதில்லை. இந்தத் தொடரை யார், எப்போது, என்ன தொனியில் சொல்வார்கள், மூல வரியில் எது போயிற்று, போனது விளம்பரத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்றும் எழுதித் தருகிறேன். வரியை எழுதியதைவிட இதை எழுத அதிக நேரம் ஆகிறது. அதைக் கட்டணத்தில் முன்கூட்டியே சேர்த்துப் பேசிவிட வேண்டும். சொல் கணக்குக்குக் கூலி வாங்கினால், இரண்டு சொல் வரிக்குக் கிடைப்பது டீச் செலவுக்குக் காணாது.

சில வரிகளைத் தொடவே கூடாது. சின்னத்தோடு சேர்த்துப் பதிவு செய்யப்பட்ட வரி என்றால் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன். அப்போது தமிழில் எழுதக் கேட்பது அதற்கு மேலே வரும் தலைப்பு. மெத்தை நிறுவனமும் கடைசியில் சின்னத்தின் அடியில் ஆங்கில வரியைச் சிறிய எழுத்தில் வைத்துக்கொண்டது. சாலையோரப் பலகையில் விடிந்த வரி பெரிதாக வந்தது, வாரண்டி அதற்குக் கீழே. பேருந்தின் முதுகுக்கு அந்த வரி நீளம் என்றார்கள். அங்கே மட்டும் 'விடிஞ்சிடுச்சா?' என்று ஒற்றைச் சொல்லாகக் கொடுத்தேன்.