டெய்லர் அனுப்பிய மெசேஜும் என் பட்டு ஜாக்கெட்டும்



இருபது வருஷமாக எனக்கு ஜாக்கெட் தைத்துத் தரும் எங்கள் தெரு டெய்லர் தம்பியிடமிருந்து போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது. "வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். இனி கடைக்கு வர வேண்டாம். டிசைன் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பவும். துணியும் அளவு ஜாக்கெட்டும் வீட்டில் வந்து வாங்கிக்கொள்ளப்படும். தைத்து வீட்டிலேயே தரப்படும்."

விசாரித்தேன். கட்டடக்காரர் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். தம்பி இரண்டு மெஷினையும் ஊருக்கு வெளியே இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். அவ்வளவு தூரம் யார் போவார்கள்? மகன் பைக்கில் வந்து வாங்கிக்கொண்டு போனால்தான் தொழில் நிற்கும்.

முதல் ஆர்டர் என்னுடையதாக இருக்கட்டும் என்று, அக்கா பேத்தி கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவையோடு வந்த 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் துணியை எடுத்து வைத்தேன். பீரோவில் மேலாக, இஸ்திரி போட்டு மடித்திருந்த ஒரு ஜாக்கெட்டை அளவுக்கு வைத்தேன். ஐந்தாம் நாள் தைத்து வந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் மார்பில் ஹூக் இழுக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

கோபமாகத்தான் போன் செய்தேன். தம்பியே வந்தார். இரண்டு ஜாக்கெட்டையும் மேஜையில் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தார். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"டீச்சரம்மா, இந்த அளவு ஜாக்கெட்டை கடைசியா எப்போ போட்டீங்க?"

யோசித்தேன். போட்டு மூன்று வருஷம் ஆகிறது. பிடிக்கிறது என்று ஒதுக்கி வைத்தது. அதனால்தான் கசங்காமல் மேலேயே இருந்திருக்கிறது! சரியாகப் பொருந்துகிற ஜாக்கெட் எப்போதும் உடம்பில் இருக்கும், இல்லாவிட்டால் துவைக்கிற வாளியில் இருக்கும்.

"கடைக்கு வந்தா உங்களைப் பாத்துட்டு நானே கொஞ்சம் கூட்டி வெட்டுவேன். இப்ப ஜாக்கெட்டைத்தானே பாக்கறேன்" என்றார்.

இத்தனை வருஷமும் அளவு ஜாக்கெட்டை வைத்துத்தான் அவர் தைக்கிறார் என்று நினைத்திருந்தேன். கண்ணால் பார்த்துத் திருத்தியிருக்கிறார். அந்தப் பார்வை போனில் போகாது.

நல்லவேளை, பட்டு என்பதால் பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டிருந்தார். ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் பிரித்துவிட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டார். ஒரு அங்குலம் என்று சட்டென்று சொல்லித் தோற்றேன், கணக்கு டீச்சர்! ஒரு பக்கத்தில் முன்துணியில் அரை, பின்துணியில் அரை. இரண்டு பக்கமும் சேர்த்தால் இரண்டு அங்குலம். கைக்கு ஒரே தையல்தான், அதில் அரை அங்குலம் பிரித்தால் சுற்றளவில் ஒரு அங்குலம். அன்று மாலையே பிரித்துத் தைத்துத் தந்தார். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளை வரிசையாகத் தெரிந்தது. பட்டில் அது மறையாதாம். அக்குள் பக்கம் என்பதால் புடவை மூடிக்கொண்டது. "கழுத்தை இறக்கி வெட்டியிருந்தா என்னாலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது டீச்சரம்மா. வெட்டின கழுத்து ஏறாது" என்றார்.

அதற்குள் எதிர்வீட்டு மருமகள் உட்பட மூன்று பேர் இதே போலக் குறைப்பட்டுக்கொண்டார்கள் என்றும் சொன்னார். முகம் வாடியிருந்தது. வாசலில் கடை இருந்தால் மறுநாளே வந்து சரி செய்துகொள்வார்கள். இப்போது மனசு விட்டுப்போய் ரெடிமேடுக்குப் போய்விடுவார்கள்.

இருவரும் உட்கார்ந்து அந்த மெசேஜைத் திருத்தி எழுதினோம். புதிதாகச் சேர்த்தவை இவ்வளவுதான்:

"அளவுக்கு, போன வாரம் போட்ட ஜாக்கெட்டையே தரவும். புதிதாக இருப்பதைத் தர வேண்டாம். அதில் எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொள என்று இருக்கிறது என்று ஒரு வரி எழுதவும். ஹூக்கை மாட்டி, ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் வைத்துப் பார்த்து எண்ணை அனுப்பவும். கழுத்துக்கு போட்டோ மட்டும் போதாது, முன்னும் பின்னும் எத்தனை அங்குலம் இறக்கம் என்று எழுதவும். காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவோம், அதற்காக ஒரு நாள் கூடுதலாகத் தரவும்."

கடைசி வரி அவர் சொன்னது. நனைக்காமல் வைத்தால் முதல் துவையலில் லைனிங் சுருங்கி மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்குமாம். அவசரத்துக்குத் தைக்கும் இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்களாம்.

வெளியூரிலிருந்து ஊர் டெய்லருக்குத் துணி அனுப்பும் என் பெண் பிள்ளைகளே, நாளைக்கே பீரோவைத் திறந்து மேலாக இருக்கும் அந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்கள். ஹூக் இழுத்தால் டீச்சரை நினைத்துக்கொண்டு அதைத் தனியே வையுங்கள்.

கல்யாணப் போட்டோவில் நான் கையைத் தூக்கி அட்சதை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு அங்குலம்தான் அது.