இரண்டு பீரோ இடத்துக்கு மாச வாடகை இரண்டாயிரத்து ஐநூறு

சிட்லபாக்கத்தில் இந்த வாடகைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள். ஆனால் எங்கள் சித்தி கட்டிக்கொண்டுதான் இருந்தார், அதுவும் ஆளே குடியிருக்காத இடத்துக்கு.

சித்தி மடக்குக் கொலுப்படி விற்கிறார். இரும்புச் சட்டம், மேலே எம்.டி.எஃப் பலகை, ஐந்து படி. விற்பது இணையத்தில். சரக்கை முன்கூட்டியே அந்தத் தளத்தின் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும். ஆர்டர் வந்தால் அவர்களே பேக் செய்து அனுப்புவார்கள். கணக்கு பார்ப்பது பி.காம் படிக்கும் அடியேன்.

2025இல் ஆகஸ்ட் முதல் வாரம் 100 படி அனுப்பினோம். ஆர்டர் சூடு பிடிக்கவும் செப்டம்பர் 10ஆம் தேதி இன்னும் 50. அக்டோபர் 2, விஜயதசமி முடிந்தபோது 40 மிச்சம். அந்த மாதம் முழுக்க அதற்குப் பிறகு விற்றது மூன்றே மூன்று.

சித்திக்குப் பயம் 180 நாள் பற்றி. அதைத் தாண்டிய சரக்குக்கு வாடகைக்கு மேல் அபராதமும் உண்டு. (அமெரிக்க அமேசானிலும் 2023 ஏப்ரல் முதல் 181ஆம் நாளிலேயே இது ஆரம்பித்துவிடுகிறது, முன்பு 271ஆம் நாள்.) "ஆகஸ்ட்ல போட்டதுடா, ஜனவரியோட முடிஞ்சுது" என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் வயசைக் கணக்கிடுவது முதலில் வந்தது முதலில் போனதாக. கிடங்குக்காரர் கையில் எந்தப் பெட்டி அகப்பட்டதோ, கணக்கில் பழையதுதான் விற்றதாக எழுதப்படும். 110க்கு மேல் விற்றாயிற்று என்றால் ஆகஸ்ட் சரக்கு 100ம் போய்விட்டது. மிச்சம் எல்லாமே செப்டம்பர் 10 சரக்கு. அபராதம் மார்ச் 10இல்தான்.

சித்தி நிம்மதியாக மூச்சு விட்டார். நான் விடவில்லை.

ஒரு பெட்டி 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், அரை அடி உயரம். ஒன்றரை கன அடி. எங்கள் பில்லில் கன அடிக்கு மாசம் 45 ரூபாய், ஆக ஒரு பெட்டிக்கு 67.50. கமிஷன், அனுப்பும் செலவு எல்லாம் போக ஒரு படியில் நிற்கும் லாபம் 300. 300ஐ 67.50ஆல் வகுத்துப் பாருங்கள், நாலரை மாசம் கூட வராது. அதற்குள் விற்காத படி தன் லாபத்தைத் தானே தின்றுவிடும். மாசம் 3 போனால் 37 விற்க ஒரு வருஷம் ஆகும். அடுத்த கொலுவோ 2026 அக்டோபரில். அபராதத் தேதி வருவதற்கு முன்பே வாடகை காரியத்தை முடித்துவிடும், அதை யாரும் பார்ப்பதில்லை.

37 பெட்டியையும் அடுக்கினால் எவ்வளவு இடம் தெரியுமா? ஏறக்குறைய இரண்டு இரும்பு பீரோ. அதற்குத்தான் தலைப்பில் சொன்ன வாடகை.

"900 ரூபா காசு போட்டு வாங்கின பொருளுடா, விலையைக் குறைக்கச் சொல்றியா?" என்றார் சித்தி. அந்த 900 போனது போனதுதான், இனி எடுக்கும் முடிவில் அது வரக்கூடாது. (ஐந்து மார்க்குக்கு இதை மனப்பாடம் பண்ணி எழுதியவன் நான். சொந்தச் சித்தியிடம் சொல்லும்போதுதான் எவ்வளவு கஷ்டமான விஷயம் என்று புரிந்தது.) 400 ரூபாய் குறைத்து விற்றால் படிக்கு 100 நஷ்டம். நவம்பர் முதல் ஆகஸ்ட் வரை அங்கேயே விட்டால் வாடகை மட்டும் 675, அதாவது அபராதம் சேர்க்காமலே 375 நஷ்டம். திரும்ப எடுக்க 60 கட்டணம், அடுத்த வருஷம் மறுபடி அனுப்ப டெம்போவுக்கு 40, இரண்டும் போக 200 லாபம். எடுத்துவிடுவதுதான் சரி.

எடுத்து எங்கே வைப்பது? எங்கள் வீடு ஏரிக்குப் பக்கத்தில், தரைத்தளம். 2015 டிசம்பரில் கட்டில் வரை தண்ணீர் நின்ற வீடு. எம்.டி.எஃப் பலகை ஒரு தடவை தண்ணீர் குடித்தால் உப்பிவிடும், அப்புறம் விறகுக்குக் கூட ஆகாது. மழை முடியட்டும் என்று ஜனவரி வரை விட்டால் மூன்று மாச வாடகை 202.50, மிச்சமிருந்த 200 லாபமும் காலி. கடைசியில் சேலையூரில் இரண்டாவது மாடியில் இருக்கும் அத்தைதான் காப்பாற்றினார். இரண்டு பீரோ இடம் என்று நான் சொன்னதும் நம்பாமல் ஒரு டேப்பை எடுத்து வந்து அளந்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

பெட்டிகள் தவணை தவணையாக மூன்று வாரத்தில் வந்தன. 37இல் நான்கு, வாங்கியவர்கள் உடைந்தது என்று திருப்பி அனுப்பியவை. விற்க முடியாத கணக்கில் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள், ஆனால் வாடகையை மட்டும் ஒதுக்கவில்லை! நான் அந்தப் பட்டியலைத் திறந்தே பார்த்ததில்லை. யோசிக்காமல் முதல் நாளே எடுத்திருக்க வேண்டியவை அவைதான்.

மிச்சம் 33ம் அத்தை வீட்டு ஹாலில், பழைய போர்வை போர்த்தி நிற்கின்றன. அதன் மேல் டிவியைத் தூக்கி வைத்துவிட்டாராம்.