இரண்டு கிராம் கணக்கு

கிரியேட்டின் என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது ஒரு சிறு சங்கடம் நேர்கிறது. அதனோடு 'இன்' சேர்த்தால் 'கிரியேட்டினின்' என்றாகிவிடும். சிறுநீரகப் பரிசோதனைச் சீட்டில் அச்சாகி வரும் கழிவுப் பொருளின் பெயரும் ஏறத்தாழ அதுவேதான். எனவே இக்கட்டுரையில் அக்கழிவை மட்டும் 'கிரியாட்டினின்' என்று எழுதுகிறோம். பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்ட உறவன்று அது. முன்னது சிதைந்துதான் பின்னது உண்டாகிறது. அந்தச் சிதைவின் வேகத்தை அறிந்தால், ஒருவர் நாள்தோறும் எத்தனை கிராம் கிரியேட்டின் உட்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடுகிறது.

எங்கள் கூட்டம் மூவரால் ஆனது. ஒரே உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறோம். எங்களுள் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகளாக எடை தூக்குபவர், 68 கிலோ. மற்றவர் சென்ற ஆண்டுதான் கூடத்துக்குள் காலடி வைத்தவர், 94 கிலோ. மூன்றாமவர் பள்ளி ஆசிரியை, 52 கிலோ, பிறந்தது முதல் சைவ உணவுக்காரர். மூவரும் கிரியேட்டின் தொடங்குவது என்று முடிவானபோது, கூடத்தில் எங்களுக்குக் கிடைத்த அறிவுரை எளிமையாக இருந்தது: ஆள் பெரிதானால் அளவும் பெரிது, கடுமையாகப் பயில்பவருக்கு இன்னும் பெரிது. ஆகவே 94 கிலோக்காரர் நாளுக்குப் பத்து கிராம் எடுக்கலாம் என்றார்கள். அவர் தயங்கினார். அவருடைய தந்தையார் சிறுநீரகம் பழுதுபட்டு, டயாலிசிஸ் ஊசிகளோடு நான்கு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தவர். பத்து என்பது வேறு யாருக்கும் வெறும் எண்ணாக இருக்கலாம். அவருக்கு அப்படி இல்லை. எனவே கணக்கை அடியிலிருந்து போட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

1832ஆம் ஆண்டு ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதற்குப் பெயரானது. பெயருக்கு ஏற்ப, உடலிலுள்ள கிரியேட்டினில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தசையிலேயே இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரிடம் மொத்தமாக 120 கிராம் அளவில் இருக்கும் என்பது பொதுக் கணிப்பு. கனமான ஒன்றைச் சட்டென்று தூக்கும் முதல் சில விநாடிகளில் செலவாகும் ஆற்றலை உடனுக்குடன் ஈடுகட்டுவது இதன் வேலை. ஆனால் அந்த வேலையில் கிரியேட்டின் அழிவதில்லை. பாஸ்பேட்டை இறக்கி வைக்கிறது; ஓய்வின்போது மறுபடி ஏற்றிக்கொள்கிறது. சுமை தூக்குபவர் சுமையை இறக்கியதும் காணாமல் போய்விடுவதில்லை அல்லவா, அது போலத்தான்.

பின் எதனால் குறைகிறது? தானாகவே குறைகிறது. நாள்தோறும் மொத்த இருப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.7 பங்கு, யாரும் ஏவாமல், கிரியாட்டினினாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஓய்ந்து கிடந்தாலும் சரி, ஓடியாடினாலும் சரி, இந்த வேகம் பெரிதாக மாறுவதில்லை. 120 கிராமில் 1.7 விழுக்காடு என்றால் 2 கிராம். இந்த இரண்டு கிராமில் பாதியை உடலே சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் தயாரித்துக்கொள்கிறது. மறுபாதி மீன், இறைச்சி வழியாக வருகிறது. சைவ உணவில் அந்த மறுபாதி அநேகமாக இல்லை என்பதால், சைவர்களின் தசையில் இருப்பே சற்றுக் குறைவாக இருக்கும்.

தசைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. சராசரி மனிதரிடம் அது முழுதும் நிரம்பியிருப்பதில்லை. வெளியிலிருந்து கிரியேட்டின் கொடுத்தால் இருப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயர்கிறது. அதற்கு மேல் கொடுப்பதைச் சிறுநீர் கொண்டுபோய்விடும். 1996இல் ஹல்ட்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் அடிக்கல்லாக இருக்கிறது. நாளுக்கு 20 கிராம் வீதம் ஆறு நாள் கொடுத்துத் தசையை நிரப்பினார்கள். பிறகு நாளுக்கு 2 கிராம் மட்டுமே கொடுத்து, நிரம்பியது நிரம்பியபடியே நிற்பதைக் கண்டார்கள். இன்னொரு பிரிவினருக்குத் தொடக்கம் முதலே நாளுக்கு 3 கிராம் கொடுத்தபோது, 28 நாளில் அதே உயரத்தை எட்டினார்கள். அவசரம் இல்லாதவருக்கு 20 கிராம் தேவையே இல்லை என்பது இதன் பொருள். நாங்கள் அவசரப்படவில்லை.

உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.03 கிராம் என்ற பரவலான சூத்திரம், நிரம்பிய இருப்பைக் காக்கும் இந்த அளவைத்தான் எடைக்கேற்பச் சொல்கிறது. எங்களுக்குப் போட்டுப் பார்த்தோம். ஆசிரியைக்கு 1.6, அனுபவசாலிக்கு 2, புதியவருக்கு 2.8 கிராம். பத்தெங்கே, 2.8 எங்கே! புதியவரின் முகம் அப்போதே சற்றுத் தெளிந்தது.

ஆனால் இந்தச் சூத்திரத்திலும் ஒரு குறை இருக்கிறது. தராசு காட்டுவது எடையை. கிரியேட்டின் குடியிருப்பதோ தசையில். கொழுப்பு கிரியேட்டினுக்கு வீடு அன்று. 2003இல் சைவர்களையும் அசைவர்களையும் வைத்து பர்க் குழுவினர் செய்த ஆய்வில், மொத்த எடையை விட்டுவிட்டுக் கொழுப்பு நீங்கிய எடையைக் கொண்டே அளவு வகுத்தார்கள். முதல் வாரத்து நிரப்புதலுக்குப் பின், அந்த எடையில் கிலோவுக்கு 0.0625 கிராம். எங்கள் புதியவரின் 94 கிலோவில் கொழுப்பு ஏறத்தாழ 30 கிலோ. அது போக 64. அனுபவசாலியின் 68இல் கொழுப்பு 10, போக 58. தராசில் இருவருக்கும் இடையே 26 கிலோ வித்தியாசம். கிரியேட்டின் குடியிருக்கும் உடம்பில் வித்தியாசம் ஆறே கிலோ. இந்த முறையில் புதியவருக்கு 4 கிராம், அனுபவசாலிக்கு 3.6. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆசிரியைக்குக் கொழுப்பு நீங்கிய எடை 38 கிலோ, அவருக்கு 2.4.

அப்படியானால் பயிற்சியின் தரத்துக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் பலரும் நினைக்கும் வழியில் அன்று. கடும் பயிற்சி கிரியேட்டினைத் தின்று தீர்ப்பதில்லை என்று கண்டோம். பயிற்சி செய்வது வேறு இரண்டு. ஒன்று, ஆண்டுக் கணக்கில் தசையைப் பெருக்குகிறது. பெருகிய தசைக்குப் பெரிய இருப்பு, பெரிய இருப்புக்குப் பெரிய தேய்மானம். மற்றது, பயிற்சி பெற்ற தசை கிரியேட்டினைக் கூடுதலாக உள்வாங்குகிறது. 1992இல் ஹாரிஸ் குழுவினர் ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துச் சோதித்தபோது, உழைத்த கால் ஓய்ந்த காலைவிட அதிகம் சேர்த்துக்கொண்டது. ஆக, பயிற்சியின் தரம் தசையின் வழியாகவே கணக்கில் நுழைகிறது. அதைத் தனியாக இன்னொரு முறை பெருக்கினால் ஒரே செலவை இருமுறை எழுதியதாகிவிடும். நூறு கிலோவைத் தாண்டிய, அவ்வளவும் தசையாக உள்ள மல்லர்களுக்கும் எறிவீரர்களுக்கும் 5 முதல் 10 கிராம் வரை பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். அந்தப் பத்தே எங்கள் கூடத்தில் இடம் மாறி வந்து நின்றது.

கடைசித் திருத்தம் இலையில் விழும் உணவைப் பொறுத்தது. அரைக் கிலோ பச்சை மீனிலோ இறைச்சியிலோ சுமார் 2 கிராம் இருக்கும். சமைக்கையில் கொஞ்சம் குறையும். அனுபவசாலியின் வீட்டில் மீன் இல்லாத நாள் குறைவு என்பதால் அவருக்கு 3 கிராம் போதும் என்று வைத்தோம். ஆசிரியைக்கு உணவிலிருந்து வரத்து ஏதும் இல்லை. வெளியிலிருந்து கிரியேட்டின் வரும்போது உடல் தன் சொந்தத் தயாரிப்பையும் குறைத்துக்கொள்கிறது. எனவே 2.4ஐ மேல்நோக்கித் திருத்தி அவருக்கும் 3 என்றோம். புதியவருக்கு 4. உருவத்தில் இத்தனை வேறுபட்ட மூவர், ஒரு கிராம் இடைவெளிக்குள் அடங்கிவிட்டோம்.

நடைமுறையில் தடுக்கி விழும் இடம் கரண்டி. டப்பாவோடு வரும் கரண்டியில் தலைதட்டி எடுப்பதற்கும் குவித்து எடுப்பதற்கும் இடையே கணக்கே மாறிவிடும். பொன் நிறுக்கும் சிறு மின்தராசு போன்ற ஒன்றில் முதல் வாரம் முழுக்க நிறுத்தோம். பின்னர் கை பழகிவிட்டது. வாங்கியது சாதாரண மோனோஹைட்ரேட் தூள். அதன் எடையில் நூற்றுக்கு 88 பங்கே கிரியேட்டின், மிச்சம் நீர். மேற்சொன்ன அளவுகள் தூளின் எடையாகவே எடுத்துக்கொள்ளத்தக்கவை. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்க வேண்டியதில்லை. போவது இருப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அடியோடு நிறுத்தினாலும் பழைய நிலைக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அளவு கூடிப்போனால் அதை வயிறு சொல்லிவிடும். ஒரே வேளையில் பத்து கிராம் எடுத்தவர்கள் சிலருக்குப் பேதியாகிறது. இருப்பு ஏறுகிறது என்பதற்கு அடையாளம், முதல் மாதத்தில் அரை முதல் ஒரு கிலோ எடை கூடுவது. அது தசைக்குள் சேரும் நீர். எந்த மாற்றமும் இல்லாதவர்கள், இயல்பிலேயே நிரம்பிய தசையோடு இருப்பவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு அளவைக் கூட்டுவதால் பயனில்லை.

எஞ்சியிருப்பது புதியவரின் அச்சம். தொடங்கும் முன்பே மருத்துவரிடம் தந்தையின் கதையைச் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். கிரியாட்டினின் 1.0; மற்றவையும் சீர். இரண்டு மாதம் கழித்து அதே பரிசோதனையில் 1.2. அந்தச் சீட்டை அவர் கையில் பிடித்திருந்த விதத்தை நாங்கள் எளிதில் மறக்க மாட்டோம். தசையில் கிரியேட்டின் கூடினால் அதிலிருந்து சிதையும் கிரியாட்டினினும் கூடத்தான் செய்யும். வடிகட்டி பழுதடைந்தாலும் அந்த எண் ஏறும். வடிகட்ட வேண்டியது கூடினாலும் ஏறும். எண்ணை மட்டும் பார்த்து எது காரணம் என்று சொல்ல முடியாது. மருத்துவர் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனையை எழுதித் தந்தார். அது கிரியேட்டினால் மாறாத ஒரு புரதம். வடிகட்டியின் நலத்தை வேறு வழியில் சொல்வது. அது இயல்பாக இருந்தது. முதல் சீட்டும் கையில் இருந்ததால் ஒப்பிடுவது எளிதாயிற்று. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி இந்தத் தூளைத் தொடவே வேண்டாம் என்றும், இனி எந்தப் பரிசோதனைக்குப் போனாலும் கிரியேட்டின் எடுப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றும் அவர் சொல்லி அனுப்பினார்.

நண்பர் இப்போதும் 4 கிராமில்தான் இருக்கிறார். எடை 94இலிருந்து 89 ஆகிவிட்டது. அளவைக் குறைக்கவா என்று கேட்டார். குறைந்தது கொழுப்பா தசையா என்று திருப்பிக் கேட்டோம். நாடாவை எடுத்து இடுப்பை அளந்தார். நான்கே நிற்கட்டும் என்று முடிவாயிற்று.