ஸ்டிக்கர் சொல்வது ஒன்று... மரம் சொல்வது ஒன்று!

மகன் காட்டிய மொபைல் திரையில் ஒரு பேட் மின்னியது. 'இங்கிலீஷ் வில்லோ, லெதர் பால் பேட், லீக்கில் ஒரு சீசன்தான் ஆடியது, விலை 6,500 ரூபாய்.' மதுரையில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் செல்விக்கு, அது சீட்டுப் பணத்தில் பாதி. ஆனால், அடுத்த வாரம் பையனுக்கு மாவட்ட அணித் தேர்வு. இரவல் பேட்டில் ஆடியே பழகியவன். "பணத்தைப் போட்டுடலாமா அண்ணே?" என்று திருச்சியிலிருக்கும் அண்ணனுக்கே போட்டோவை அனுப்பிவிட்டாள்.

அண்ணன் முருகேசன் இளவயதில் டிவிஷன் மேட்ச் ஆடியவர். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தவர், ஸ்டிக்கர் பக்கமே போகவில்லை. "ஸ்டிக்கர் கடையில தனியாவே கிடைக்கும்மா. யார் வேணும்னாலும் எதுல வேணும்னாலும் ஒட்டலாம். பேட்டோட அடிப்பாகம், பக்கவாட்டு, முதுகு... மூணையும் வெயில்ல வெச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு" என்றார்.

முதலில் அடிப்பாகம். தரையில் ஊன்றி நிற்போமே, அந்த முனை. பேட்டின் முகத்தில் ஓடும் மரக்கோடுகள் அங்கேயும் திரும்பி, முகத்திலிருந்து முதுகுவரை ஓடியிருக்க வேண்டும். மேலே மட்டும் கோடு போட்டு ஏமாற்றினால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். கோடு என்னவோ நிஜம்தான். ஆனால், முகத்தின் முழு அகலத்துக்கும் நான்கே கோடுகள். மரமும் முழுக்க பழுப்பு. இங்கிலீஷ் வில்லோ பொதுவாக வெளுத்து இருக்கும், கோடுகளும் நெருங்கி இருக்கும். காஷ்மீர் வில்லோ பழுப்பேறி, கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கும்.

"அப்போ இது காஷ்மீர்னு சொல்லிடலாமா மாமா?" பையன் அவசரப்பட்டான்.

"பொறு மாப்ளே. இங்கிலீஷ் வில்லோவுலயும் ஒரு ஓரமா பழுப்புப் பட்டை வர்றதுண்டு. மரத்தோட வைரப்பகுதி அது, குறையே இல்ல. காஷ்மீரை ப்ளீச் பண்ணி வெளுக்க வைக்கிறவங்களும் இருக்காங்க. நிறத்தை மட்டும் வெச்சுத் தீர்ப்பு சொல்லக் கூடாது. காஷ்மீர்னா மட்டம்னும் அர்த்தமில்ல. உன் வயசுப் பிள்ளைங்க பாதிப் பேர் அதுலதான் லெதர் பால் ஆடுறாங்க. நம்ம கேள்வி வேற... இது லெதர் பால் அடிக்கச் செஞ்ச பேட்டா?"

அதற்குப் பதில் முதுகில் இருந்தது. நடு முதுகெலும்பின் இருபுறமும் கிண்ணம்போலக் குடைந்திருந்தார்கள். டென்னிஸ் பால் பேட்டில் இது சகஜம். எடை குறைந்தால் வேகமாக வீசலாமே! லெதர் பால் பேட்டிலும் கொஞ்சம் குழிவு இருக்கும் என்பதால், மாமா எடையையும் கேட்டார். பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்துப் படம் அனுப்பினார் விற்கும் தம்பி. 980 கிராம்.

ஹேண்டிலுக்குக் கீழே 'எஸ்.ஹெச்.' என்று போட்டிருந்தது. பெரியவர்கள் ஆடும் முழு அளவு. அந்த அளவில் லெதர் பால் பேட் என்றால் பெரும்பாலும் 1,150 கிராமுக்கு மேல்தான் வரும். சிறுவர்களின் 6-ம் நம்பர் பேட் என்றால் இந்த எடை சரி. முழு அளவுக்கு இது ரொம்பவே கம்மி. ஐந்தடியைத் தொடாத பையனுக்கு அந்த நீளம் எப்படியும் ஒத்துவராது என்பது தனிக்கதை.

கடைசியாகத்தான் மாமா சிரித்தார். "லீக்ல ஒரு சீசன் ஆடின பேட்டுங்கிறார். சிவப்பு எங்கே?"

அதுதான் விஷயம். புது லெதர் பால் பட்ட இடமெல்லாம் செர்ரிப்பழச் சாயம் ஒட்டும். தையல் பட்ட இடத்தில் சின்னச் சின்னப் பல் தடம் விழும். முகத்தில் புது ஷீட் ஒட்டி அதை மறைக்கலாம். விளிம்பிலும் தோளிலும் எப்படி மறைப்பது? இந்த பேட்டில் எங்கும் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லை. மாறாக, அடிப்பாகத்தின் சொரசொரப்பில் பச்சையும் மஞ்சளுமாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. டென்னிஸ் பாலின் ரோமம்!

156 கிராமுக்குக் குறையாத லெதர் பால் வேகமாக வந்து மோதினால், குடைந்த பேட்டின் விளிம்போ அடிப்பாகமோ பிளந்துவிடலாம். தேர்வு நாளன்று அது நடந்திருந்தால்?

செல்வி, விற்கும் தம்பியிடம் சண்டை போடவில்லை. விவரத்தைச் சொன்னாள். "நான் வாங்கும்போதும் இப்படிச் சொல்லித்தான் குடுத்தாங்க அக்கா" என்றார் அவர். பொய்யாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, அதே ஊரில் காலேஜ் போகும் ஒருவர் பரணில் கிடந்த தன் பழைய 6-ம் நம்பர் காஷ்மீர் பேட்டை 1,200 ரூபாய்க்குத் தர முன்வந்தார். பையன் முதலில் கேட்டது விலையை அல்ல. "அண்ணா, அடிப்பாகத்தை வெயில்ல வெச்சு ஒரு போட்டோ அனுப்புறீங்களா?"

வந்த படத்தில் விளிம்பெல்லாம் அழுக்குச் சிவப்பு.