பழைய ஐபோன் வாங்குமுன்

தேக்காவில் பழைய ஐபோன் வாங்கி, சரிபண்ணி, நம்ம தம்பிகளுக்கு அப்பப்போ விற்பேன்.

முதலில் செட்டிங்ஸில் பேட்டரி அளவைப் பார்ப்பேன். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தா மாத்தணும். 300 வெள்ளிக்குப் போகும் போன்னு வைங்க. பேட்டரி மாத்த 60, எனக்கு 40. அப்போ 200க்கு மேல கேட்டா வாங்க மாட்டேன்.

விலை படிஞ்சதும், விற்பவரையே போனை முழுசா அழிச்சு, மறுபடி ஆன் பண்ணி, வைஃபையில் சேர்க்கச் சொல்லுவேன். பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டு கேட்டா, அது பூட்டின போன். கடைக்காரராலும் திறக்க முடியாது. திருட்டுப் போனாகவும் இருக்கலாம். அவரே அங்கேயே பூட்டை எடுத்தால்தான் காசு. "அப்புறம் எடுத்துத் தர்றேன்"னா, 50 வெள்ளிக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஒரு தம்பியோட சம்பளக் காசு அது.